சடையப்பன் சொன்ன நெட் ரேட்

தேவனாம்பட்டினத்துச் சடையப்பனுக்கு நாற்பத்தெட்டாவது வயதில் புதிதாக ஒரு வேலை கற்றுக்கொடுக்க வேண்டியிருந்தது. கற்றுக்கொடுத்தது அவன் மனைவி குணசுந்தரி. இந்த ஏற்பாடு இரண்டு பேருக்குமே பிடிக்கவில்லை. ஆனால் கடலை விட்டுக் கரையேறிய ஒருவனை எடுத்துக்கொள்ள அந்த ஊரில் வேறு யாரும் தயாராக இல்லை.

விசைப்படகில் வலை இழுக்கும்போது கயிறு விஞ்ச் என்கிற இழுவை உருளையில் சுற்றி, அவனுடைய வலது தோளையும் சேர்த்து இழுத்துவிட்டது. இரண்டு முறை அறுத்துத் தைத்தார்கள். கை இருக்கிறது, விரல்கள் அசைகின்றன, சாப்பிடலாம், சட்டைப் பொத்தான் போடலாம். தண்ணீர்க் குடம் தூக்க முடியாது. அதற்குப் பிறகு வீட்டில் சோறு வடித்தான், மகள் பூஜாவுக்குக் கல்லூரிப் பேருந்து வருமுன் டிபன் கட்டிக் கொடுத்தான், மீதி நேரம் கட்டிலில் படுத்து மின்விசிறியைப் பார்த்தான். படகுகள் கரை திரும்பும் நேரம் மட்டும் ஜன்னலைச் சாத்திவிடுவான். இதைக் குணசுந்தரி கவனித்திருந்தாள். ஏன் என்று கேட்டதில்லை.

அவள் திருப்பாதிரிப்புலியூரில், ரயில்வே ஸ்டேஷனுக்குப் போகிற சாலையில் இருந்த ஒரு டிராவல்ஸில் வேலை பார்த்தாள். டிக்கெட் எழுதச் சேர்ந்தவள், இப்போது ஓட்டல் அறைகளைப் பார்க்கும் மேசை முழுக்க அவளுடையது. முதலாளி சபாபதிக்கு அறுபது தாண்டிவிட்டது. கோயில் பார்க்க வருகிற வெளியூர்க் கூட்டத்தை நம்பித்தான் அவருடைய தொழில். சிதம்பரம், பிச்சாவரம், வைத்தீஸ்வரன்கோயில் என்று மூன்று நாள், நான்கு நாள் பயணம் போட்டுக் கொடுப்பார். மேசைக்கு இன்னொரு ஆள் வேண்டும் என்று அவர் சொன்னபோது குணசுந்தரி இரண்டு நாள் யோசித்துவிட்டுக் கேட்டாள்.

"எங்க வீட்டுக்காரரப் போட்டுப் பாக்கலாமா சார்?"

"மீன் புடிக்கறவரா?"

"இப்ப புடிக்கலியே."

சபாபதி சிரித்தார். "மூணு மாசம் பாப்போம். சரியா வந்தா நிரந்தரமா வச்சுக்கறேன். உன் புருஷன்னு நான் பாக்க மாட்டேன், நீயும் பாக்காத."

சடையப்பனிடம் சொன்னபோது அவன் உடனே சரி என்று சொல்லவில்லை. அன்று ராத்திரி சாப்பாட்டில், "அங்க போயி நான் உனக்குக் கீழதான?" என்று கேட்டான்.

"ஆமா மாமா."

"திட்டுவியா?"

"தப்பு பண்ணா திட்டுவன்."

"இங்க மட்டும் இன்னா பண்றியாம்," என்றான். பூஜா தட்டில் முகத்தைக் கவிழ்த்துக்கொண்டு சிரித்தாள். அவள் அப்பா வேடிக்கையாகப் பேசி வெகுநாளாகியிருந்தது.

திங்கட்கிழமை அவன் பூஜா தேய்த்துக் கொடுத்த வெள்ளைச் சட்டையில் வந்தான். கடை திறந்து கூட்டம் வருவதற்குள் ஆரம்பித்துவிட வேண்டும் என்று குணசுந்தரி அவனைப் பக்கத்தில் உட்காரவைத்தாள். எப்படிக் கூப்பிடுவது என்பது முதல் தொல்லை. மாமா என்று கூப்பிட முடியாது, பேரும் சொல்ல முடியாது. "இங்க பாருங்க," என்று தொடங்கினாள். மூன்று மாதமும் அவனுக்கு அலுவலகத்தில் அதுதான் பேர்.

"சொல்லுங்க மேடம்," என்றான் அவன்.

"வெளாடாதீங்க. சிதம்பரத்துல வடக்கு வீதிப் பக்கம் நமக்கு ஒரு ஓட்டல் இருக்கு. ரிசப்ஷன்ல பின்னாடி போர்டு மாட்டியிருப்பான். டபுள் ரூம் மூவாயிரம்னு. அதுதான் ரேக் ரேட். யார் திடீர்னு பொட்டியத் தூக்கிட்டு உள்ள வந்தாலும் அதான் வெல."

"எல்லாரும் அதக் குடுக்கறாங்களா?"

"கூட்டம் இல்லாத நாள்ல கேட்டா கொறைப்பான். திருவிழான்னா ஒத்த ரூபா கொறைக்க மாட்டான்."

"சரி."

"இப்ப நமக்கு ரெண்டு வழி. ஒண்ணு கமிஷன். நாம கஸ்டமர அனுப்பறோம். அவுரு மூவாயிரத்த அங்கியே கட்டிட்டுப் போயிடுவாரு. ஓட்டல்காரன் அதுல பத்து பர்சன்ட் நமக்குத் தருவான். எவ்ளோ?"

"முந்நூறு. ஏலத்துல கமிஷன்காரரு எடுக்கற மாதிரி."

"அதே மாதிரி. ரெண்டாவது நெட் ரேட். இதுல கமிஷனே கெடையாது. ஓட்டல்காரன் நம்மகிட்ட ஒரு வெல பேசிடறான். எனக்கு ரூமுக்கு ரெண்டாயிரத்து நூறு வந்துடணும், வரி தனி, மேல நீ எவ்ளோ வச்சு வித்தாலும் எனக்குக் கவல இல்ல. நாம ரெண்டாயிரத்து ஐந்நூறுன்னு விக்கறோம். கஸ்டமரு காச நம்மகிட்ட கட்டிடறாரு. நாம வவுச்சர் குடுக்கறோம். அத அங்க நீட்டினா ரூம் தருவான். பில்லு நம்ம பேருக்கு வரும்."

"அப்ப கஸ்டமருக்கும் மூவாயிரத்துக்கு ஐந்நூறு லாபம்."

"ஆமா. அதனாலதான் நம்மகிட்ட வராங்க."

சடையப்பன் தலையாட்டினான். அவனுக்குப் புரிந்துவிட்டது என்று குணசுந்தரிக்குத் தெரிந்தது. அலாட்மென்ட்தான் கொஞ்சம் இழுத்தது. மார்கழித் திருவாதிரைத் தரிசனத்துக்கு அந்த ஓட்டல் எட்டு அறைகளை இவர்கள் பேருக்கு ஒதுக்கி வைத்திருந்தது. அந்த எட்டையும் ஒவ்வொரு தடவையும் போன் போட்டு இருக்கிறதா என்று கேட்காமல் விற்கலாம்.

"அப்ப அந்த எட்டு ரூமும் நம்மளுது."

"இல்ல. வித்து, பேரு எழுதி அனுப்பினாத்தான் நம்மளுது. ரிலீஸ் தேதின்னு ஒண்ணு இருக்கு. தரிசனத்துக்குப் பதினாலு நாள் முன்னாடி. அதுக்குள்ள விக்காததெல்லாம் அவனுக்குத் திரும்பிப் போயிடும். அத அவன் யாருக்கு வேணா, எந்த வெலைக்கு வேணா விப்பான்."

"விக்காததுக்கு நாம காசு கட்டணுமா?"

"வேணாம். அதுதான் அலாட்மென்ட்டு. மொத்தமா காசு கட்டி எடுத்தா அது வேற கணக்கு. நம்ம மொதலாளிக்கு அந்த தைரியம் இல்ல."

"கேக்குது," என்றார் உள்ளே இருந்து சபாபதி.

கடைசியாக ஒன்றைச் சொன்னாள். அதைச் சொன்ன விதத்தைப் பிற்பாடு அவள் எத்தனையோ தடவை நினைத்துப் பார்க்க வேண்டியிருந்தது. கம்ப்யூட்டரில் ஒரு வவுச்சரைக் காட்டி, "கஸ்டமருக்குக் குடுக்கற பேப்பர் எதுலியும் நெட் ரேட் இருக்கக்கூடாது. ஓட்டல்லேந்து வர்ற கன்ஃபர்மேஷன்ல இருக்கும், அத அப்படியே வாட்ஸ்அப்ல தள்ளிடாதீங்க. புதுசா வர்றவங்க எல்லாரும் பண்ற தப்பு அது," என்றாள்.

"பேப்பர்ல போகக்கூடாது," என்று சடையப்பன் திருப்பிச் சொன்னான். அதற்குள் மதுரையிலிருந்து போன் வந்துவிட்டது.

அவன் நன்றாகவே வேலை செய்தான். எழுத்துக் கோணலாக இருந்தாலும் தேதிகள் மனதில் நின்றன. போனில் அவனுடைய குரலுக்கு ஒரு நிதானம் இருந்தது. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்துப் பேசிப் பழகியவனின் நிதானம். பேரம் பேசுகிறவர்களை அவசரப்படுத்த மாட்டான். சிதம்பரம் ஓட்டலில் ரிசர்வேஷன் பார்க்கும் ஆரோக்கியராஜ் ஒருநாள் குணசுந்தரியிடம், "புதுசா ஒருத்தர் பேசறாரே மேடம், பேரு கேக்கல, நல்லா பேசறாரு," என்றார். அவள் வெறுமனே தேங்க்ஸ் சார் என்றாள். என் வீட்டுக்காரர்தான் என்று சொல்லியிருக்கலாம். அலுவலகத்தில் அதைச் சொல்லாமல் இருந்தே பழகிவிட்டது.

வீட்டில் ஜன்னல் திறந்திருந்தது. மாலையில் இருவரும் ஒரே பேருந்தில் வந்து இறங்குவார்கள். அவன் ரோட்டோரம் நிற்கிறவர்களிடம் வேண்டுமென்றே சத்தமாக, "நேரமாயிடுச்சுப்பா, ஆபீஸ்ல வேல ஜாஸ்தி," என்பான். குணசுந்தரிக்குச் சிரிப்பு வரும். அதோடு பயமும் வரும். இன்னும் ஒரு மாதம் இருக்கிறது, முதலாளி வாயால் நிரந்தரம் என்று சொல்லும்வரை இது எதுவும் உறுதியில்லை.

சிதம்பரம் தேரன்று கடலோரக் குடும்பங்கள் போய் சிவகாமி அம்மனுக்குத் தாய்வீட்டுச் சீர் வைப்பது வழக்கம். அந்த வருஷம் குணசுந்தரியின் பெரியப்பா மகன் செந்தமிழ்செல்வன் நாலைந்து குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு, தேரும் மறுநாள் தரிசனமும் பார்த்துவிட்டு வருவதாக ஏற்பாடு செய்தான். சடையப்பனோடு ஒரே படகில் போனவன். தோள் போன அன்று விஞ்சை நிறுத்தியவனும் அவன்தான். வழக்கமாகச் சத்திரத்தில் படுத்துக்கொள்வார்கள். இந்தத் தடவை, "நம்ம மச்சான் ஆபீஸ்ல இருக்கறப்ப நாம ஏன் கீழ படுக்கணும்?" என்று ஐந்து அறை கேட்டு வந்துவிட்டான்.

அன்று குணசுந்தரி வங்கிக்குப் போயிருந்தாள். மேசையில் சடையப்பன் மட்டும்.

"ரெண்டாயிரத்து ஐந்நூறா? ஏன் மச்சான், எங்ககிட்டயேவா?"

"போர்டு வெல மூவாயிரம்டா."

"போர்ட உடு. ஓட்டல்காரனுக்கு நீ இன்னா குடுக்கற? அதச் சொல்லு."

சடையப்பன் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. துறைமுகத்தில் மீன்கூடை இறங்கினால் ஏல விலை எல்லார் காதிலும் விழும்படிதான் ஏறும். கமிஷன்காரர் தன்னுடைய பங்கை எல்லார் முன்னாலும்தான் எடுப்பார். அங்கே விலையை மறைக்கிறவன் திருடன். அதுவும் கேட்கிறவன் சொந்தக்காரன், உயிரைக் காப்பாற்றியவன்.

"ரெண்டாயிரத்து நூறு. மேல நானூறு எங்க ஆபீசுக்கு. அதுலதான் எனக்குச் சம்பளம்."

"இதச் சொன்ன பாரு, அது போதும்," என்றான் செந்தமிழ்செல்வன். "எடுத்துக்க. உனக்கு வர்றதுதான?" பேரம் பேசாமல் முழுப் பணத்தையும் கட்டினான். வவுச்சரில் விலை எதுவும் இல்லை என்று சடையப்பன் இரண்டு தடவை பார்த்துவிட்டுத்தான் கொடுத்தான்.

ஐந்து அறைகள் போக இரண்டைப் புதுச்சேரிக் குடும்பம் ஒன்று எடுத்தது. எட்டாவது அறைக்கு ஆள் வரவில்லை. ரிலீஸ் தேதிக்கு முந்தின நாளே சடையப்பன் போன் செய்து அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, ஏழு அறைகளுக்கும் பெயர்கள் அனுப்பினான். சபாபதி குணசுந்தரியைக் கூப்பிட்டு, "பொங்கல் முடிஞ்சதும் நிரந்தரமா போட்டுடலாம்," என்றார். அவள் அதை அவனிடம் பேருந்தில்தான் சொன்னாள். அவன் வெளியே பார்த்துக்கொண்டு வந்தான். இறங்கும்போது மட்டும், "பூஜாவுக்கு நானே சொல்றன்," என்றான்.

தேரன்று காலையில், செந்தமிழ்செல்வனின் கூட்டத்துக்கு மேலும் இரண்டு குடும்பங்கள் வந்து சேர்ந்துகொண்டன. அவன் நேராக ரிசப்ஷனுக்குப் போய் இன்னும் இரண்டு அறை கேட்டான். இருந்தது. சடையப்பன் திருப்பிக் கொடுத்த எட்டாவது அறையும் அதில் ஒன்று. விலை மூவாயிரம் என்றாள் அங்கே நின்ற பெண்.

"மூவாயிரமா? எங்க மச்சான் சடையப்பன், டிராவல்ஸ்ல இருக்காரு. அவுருக்கு ரெண்டாயிரத்து நூறுக்குக் குடுக்கறீங்க இல்ல? எங்களுக்கும் அதையே போடும்மா."

அந்தப் பெண் மெதுவாக ஏதோ சொல்லப் பார்த்தாள். கடல்மேல் பேசிப் பழகிய தொண்டைக்கு மெதுவாகப் பேச வராது. "ஒரே ரூமு, ஒரே கட்டிலு, அவுங்களுக்கு ரெண்டாயிரத்து நூறு, எங்களுக்கு மட்டும் மூவாயிரமா?" பின்னால் சாவிக்காகப் பத்துப் பன்னிரண்டு பேர் நின்றிருந்தார்கள். அத்தனை பேரும் மூவாயிரம் கட்டியவர்கள். பெங்களூரிலிருந்து வந்த ஒருவர் தன் ரசீதை எடுத்து மேசைமேல் வைத்தார். அவருக்குப் பின்னால் இருந்தவரும் எடுத்தார். தேர் நிலையை விட்டுக் கிளம்புகிற நேரத்தில் ஓட்டல் வாசலில் ஒரே சத்தம். கடைசியில் ஓட்டல் முதலாளி இறங்கி வந்து, எல்லோருக்கும் ஆளுக்குக் கொஞ்சம் குறைத்துத்தான் கூட்டத்தைக் கலைக்க முடிந்தது.

மதியம் ஆரோக்கியராஜ் போன் செய்தார். அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் குணசுந்தரிக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"மேடம், நெட் ரேட் வெளிய போயிருக்கு. எங்க லாபியில நின்னு கத்தினாங்க. ஆனித் திருமஞ்சனத்துக்கு உங்க அலாட்மென்ட்ட மொதலாளி நிறுத்திட்டாரு."

அவள் போனை வைத்துவிட்டுப் பக்கத்து மேசையைப் பார்த்தாள். "நெட் ரேட்ட செந்தமிழுகிட்ட சொன்னீங்களா?"

"கேட்டான். சொன்னன்." அவள் முகத்தைப் பார்த்தபிறகுதான் அவன் குரல் இறங்கியது. "பேப்பர்ல போடலியே."

அவளுக்குத் திட்டத் தோன்றவில்லை. நெட் ரேட் என்பதை வாயாலும் சொல்லக்கூடாது என்று தான் சொல்லவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. இந்தத் தொழிலுக்கு வந்த யாருக்கும் அதை யாரும் சொல்லித் தந்ததில்லை. அது சொல்லாமலே எல்லாருக்கும் தெரிகிற விஷயம். அவனுக்குத் தெரியவில்லை. அவ்வளவுதான்.

சபாபதி இருவரையும் சேர்த்து உட்காரவைத்தார். "ஆனி அலாட்மென்ட் இல்லன்னா எனக்கு நாலு குரூப்பு போச்சு. வருஷா வருஷம் வர்ற ஆளுங்க. வெளிய ரேக் ரேட்டுல ரூம் வாங்கிக் குடுத்தா கைக்காசு போவும்." பிறகு குணசுந்தரியை மட்டும் பார்த்துச் சொன்னார். "நேர்ல போயிட்டு வா. எப்படிப் பேசணும்னு உனக்குத் தெரியும். திரும்பக் குடுத்துட்டாங்கன்னா மத்தத அப்பறம் பாக்கலாம்."

"நானும் வர்றன் சார்," என்றான் சடையப்பன். "தப்பு என்னுது. நானே மன்னிப்பு கேக்கறன்."

சபாபதி வேண்டாம் என்று சொல்லவில்லை. குணசுந்தரியாவது சொல்லியிருக்கலாம். அவன் அன்றைக்கும் அதே வெள்ளைச் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு கிளம்பியபோது அவளுக்கு வாய் வரவில்லை.

சிதம்பரம் போகும்வரை பேருந்தில் அவன் தனக்குள் பேசிக்கொண்டே வந்தான். ஆலப்பாக்கம் தாண்டியதும், "இப்படிச் சொல்லவா? எனக்கு வெவரம் தெரியாது சார், எங்க பக்கம் வெலய மறைக்கற பழக்கம் இல்ல, இனிமே நடக்காது," என்று கேட்டான்.

"நல்லா இருக்கு."

"'எங்க பக்கம்'னு சொல்லலாமா?"

"சொல்லுங்க மாமா."

ஓட்டலில் கூட்டம் வடிந்திருந்தது. திருவிழாவுக்குக் கட்டிய மாவிலை வாடித் தொங்கியது. ஆரோக்கியராஜின் அறை சின்னது. மேசைக்கு எதிரில் ஒரு நாற்காலி, சுவரோரம் ஒரு ஸ்டூல். குணசுந்தரி நாற்காலியில் உட்கார்ந்தாள். சடையப்பன் ஸ்டூலில் உட்கார்ந்து, வலது கையை இடது கையால் பிடித்து மடியில் வைத்துக்கொண்டான். வெயிலில் கறுத்த முகம், வெள்ளைச் சட்டை. ஆரோக்கியராஜ் அவனைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு, "டிரைவருக்கும் ஒரு டீ சொல்லுங்க," என்று வெளியே குரல் கொடுத்தார்.

அந்த இடத்தில் திருத்தியிருக்கலாம். குணசுந்தரி வாயைத் திறப்பதற்குள் அவர் பேச ஆரம்பித்துவிட்டார்.

"மேடம், உங்கள எனக்குப் பத்து வருஷமாத் தெரியும். உங்களுக்காக மொதலாளிகிட்ட பேசிட்டேன். அவுரு ஒண்ணே ஒண்ணுதான் கேக்கறாரு. யாரோ சடையப்பனாமே, அந்த ஆளு பேரச் சொல்லித்தான் லாபியில அவ்ளோ கூத்து. யாரு அது? அந்த ஆளு இன்னும் உங்ககிட்ட இருக்கானா? அவன் இருக்கற எடத்துக்கு ரேட் அனுப்ப மாட்டேங்கறாரு."

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. ஸ்டூல் லேசாக முனகியது. சடையப்பன் எழுந்திருக்கத் தயாராகிறான், பேருந்தில் சொல்லிப் பார்த்ததை இப்போது சொல்லப் போகிறான் என்று அவளுக்குத் தெரிந்தது. அவன்தான் சடையப்பன், அவளுடைய புருஷன் என்பது வெளியே வந்தால் என்ன ஆகும் என்பதும் தெரிந்தது. கட்டின மனைவியே மேசையில் இருக்கும்போது எந்த ஓட்டல்காரனும் அந்த ரேட்டை ரகசியம் என்று நம்ப மாட்டான். அவன் வேலை போவது போவதுதான். கூடவே அவளுடையதும் போகும். பூஜாவுக்கு இன்னும் இரண்டு வருஷப் படிப்பு இருந்தது.

"புதுசா வந்த ஒருத்தர் சார்," என்றாள் குணசுந்தரி. "நிறுத்தியாச்சு."

"நெசமா?"

"நெசமா சார். இனிமே எங்க மேசையில நான் மட்டும்தான்."

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. ஸ்டூல் நகரும் சத்தம் கேட்டது.

"நான் வெளிய வண்டிகிட்ட இருக்கன் மேடம்," என்றான் சடையப்பன். பையன் கொண்டுவந்த டீயைத் தட்டிலிருந்து எடுத்துக்கொண்டு கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போனான்.

அதன்பிறகு அரைமணி நேரம் குணசுந்தரி பேசினாள். எட்டுக்குப் பதிலாக ஐந்து அறை தருவதாக ஆரோக்கியராஜ் ஒத்துக்கொண்டார். ரிலீஸ் தேதி இனிமேல் இருபத்தொரு நாள் முன்னால். அவள் அதற்கும் சரி என்று எழுதிக் கொடுத்தாள். எழுத்து கோணவில்லை.

வெளியே வந்தபோது அவன் தெருவோரம் நின்றிருந்தான். ஓட்டல் ஜன்னலிலிருந்து யாராவது பார்த்தால் தெரியும் என்றோ என்னவோ, யாருடையதோ ஒரு வெள்ளைக் காரின் பக்கத்தில் அதைக் காவல் காப்பவன்போல நின்றுகொண்டிருந்தான். காலி டீ கிளாஸ் கையில் இருந்தது. அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் அவள் வரும்வரை வைத்திருக்கிறான்.

"குடுத்துட்டாங்களா?"

"அஞ்சு."

"அஞ்சு போதும்," என்றான்.

கிளாஸை வாசலில் இருந்த பையனிடம் கொடுத்துவிட்டு, அவள் பின்னால் இரண்டடி தள்ளித் தெருமுனைவரை நடந்து வந்தான். முனை திரும்பிய பிறகுதான் பக்கத்தில் வந்தான். பஸ் ஸ்டாண்டில் அவளுக்கு வெள்ளரிப் பிஞ்சு வாங்கிக் கொடுத்தான். புதுச்சத்திரம் வரைக்கும் அவள் பிஞ்சைக் கையிலேயே வைத்திருந்தாள். அங்கே பேருந்து நின்றபோது, "மாமா," என்றாள் அவள்.

"நீ சொன்னதுதான் சரி. அப்படித்தான் சொல்லணும். நான் சொல்லியிருந்தா கெட்டுப் போயிருக்கும்."

"எனக்கு வேற வழி..."

"தெரியும் புள்ள. உடு. பிஞ்சத் தின்னு."

அவன் கோபப்படுவான் என்று அவள் காத்திருந்தாள். அன்றைக்கு இல்லாவிட்டால் மறுநாள். கோபம் வரவேயில்லை. மறுநாள் காலையில் அவளுடைய டிபனைக் கட்டிக் கொடுத்தான், தனக்குக் கட்டவில்லை. சபாபதி அந்த மாதச் சம்பளத்தை முழுசாகக் கவரில் போட்டுக் கொடுத்தனுப்பினார், நல்ல மனுஷர்தான். அவனை ஒருநாள் வந்துவிட்டுப் போகச் சொன்னார். அவன் போகவில்லை.

செந்தமிழ்செல்வன் விஷயம் தெரிந்து வீட்டுக்கு ஓடி வந்தான். "என்னாலதான் மச்சான்," என்று வாசலில் நின்று தலையில் அடித்துக்கொண்டான். சடையப்பன் அவனை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து, அவனுக்குப் பொறுமையாக விளக்கினான். ரேக் ரேட் என்றால் என்ன, நெட் ரேட் என்றால் என்ன, கமிஷனுக்கும் அதற்கும் என்ன வித்தியாசம், அலாட்மென்ட் எப்போது கையைவிட்டுப் போகும், எதை ஏன் வெளியே சொல்லக்கூடாது. ஒரு இடம்கூடத் தப்பவில்லை. அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்த குணசுந்தரி குழம்பைக் கிளறாமல் விட்டுவிட்டாள். அடிபிடித்துவிட்டது.

இப்போது அவன் வீட்டில்தான் இருக்கிறான். சோறு வடிக்கிறான், பூஜாவை அனுப்புகிறான். முன்னைவிட நன்றாகப் பேசுகிறான் என்றுகூடச் சொல்லலாம். போன மாதம் சொந்தக்காரர்கள் வந்திருந்தபோது, தட்டில் வைத்திருந்த கடைசி வறுத்த மீனை யார் எடுத்தது என்று பூஜா சண்டை போட்டாள்.

"புதுசா வந்த ஒருத்தர்," என்றான் சடையப்பன், மென்றுகொண்டே.

எல்லோரும் சிரித்தார்கள். ஏன் சிரிக்கிறோம் என்று பாதிப் பேருக்குத் தெரியாது. அவன் சொன்ன விதம் அப்படி. அதற்கப்புறம் அது வீட்டில் ஒரு வழக்கமாகிவிட்டது. பல்பு யார் அணைத்தது, செருப்பை யார் மாற்றி வைத்தது என்று எது கேட்டாலும் பூஜாவும் அதையே சொல்கிறாள். அவளுக்கு அது எங்கிருந்து வந்தது என்று தெரியாது. அவன் சொல்லவில்லை, குணசுந்தரியும் சொல்லவில்லை. அந்த மூன்று சொல்லும் காதில் விழும்போது குணசுந்தரி கையிலிருக்கும் வேலையைக் கொஞ்சம் வேகமாகச் செய்கிறாள். அவன் அவளைப் பார்ப்பதில்லை. ஒரு தடவை பார்த்தான். பார்த்துவிட்டு, "புதுசா வந்த" என்பதோடு நிறுத்திக்கொண்டான்.